குரூப் போட்டோவில் சேர்த்த ஆளை 100% ஜூமில் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: கல்யாணத்துக்கு வர முடியாதவர்களைக் குரூப் போட்டோவில் சேர்த்துக் கொடுக்கிறேன். என் ஸ்கிரீனில் நன்றாகத்தான் இருக்கிறது. கஸ்டமர் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "ஒட்டினது தெரியுதே" என்கிறார். டெலிவரிக்கு முன்னால் முழு ஜூமில் எதையெல்லாம், எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

பதில்:

ஆல்பம் வேலையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். இந்தப் புகார் வரும் படங்களை வாங்கிப் பார்த்தால், பெரும்பாலும் கட்டிங்கில் குறை இருக்காது. சேர்த்த ஆளை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்து, அவரை அழகாக்கி முடித்திருப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்திருக்க மாட்டார்கள். முழு ஜூமில் நீங்கள் தேட வேண்டியது அந்த வித்தியாசத்தைத்தான். பக்கத்து ஆளின் தோள் கொஞ்சம் மங்கலாக இருந்தால் இவர் தோளும் அதே அளவு மங்க வேண்டும். அவர் சட்டையில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் இருந்தால் இவர் சட்டையிலும் அது வேண்டும்.

முதலில் 100% என்பதைச் சரியாக வைத்துக்கொள்வோம். போட்டோஷாப்பில் Ctrl+1 அழுத்தினால் படத்தின் ஒரு பிக்சல் ஸ்கிரீனின் ஒரு பிக்சலாக வரும். 66.7, 33.3 போன்ற அளவுகளில் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து காட்டுவதால் நாய்ஸ் மறைந்துவிடும், விளிம்பும் இயல்பாகவே மென்மையாகத் தெரியும். ஸ்கிரீனுக்குள் முழுப்படம் அடங்கும் அளவில் "நன்றாகத்தான் இருக்கிறது" என்று உங்களுக்குத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். 4கே மானிட்டர், ரெடினா ஸ்கிரீன் வைத்திருப்பவர்களுக்கு 100% மிகப் பொடியாக இருக்கும். அவர்கள் 200%-இல் பார்ப்பதே நல்லது.

6000 × 4000 பிக்சல் படத்தைச் சாதாரண ஃபுல் எச்டி ஸ்கிரீனில் 100%-இல் முழுக்கப் பார்க்க ஏறத்தாழ இருபது முறை நகர்த்த வேண்டும். கையால் இழுத்து இழுத்துப் பார்த்தால் ஏதாவது ஒரு மூலை விட்டுப்போகும். Home அழுத்தினால் இடது மேல் மூலைக்குப் போகும். Page Down ஒரு திரை கீழே இறக்கும், Ctrl+Page Down ஒரு திரை வலப்பக்கம் நகர்த்தும். இப்படிப் போனால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சேர்த்த ஆள் இருக்கும் இடம் மூன்று நான்கு திரைதான், அங்கே மட்டும் நின்று நிதானமாகப் பாருங்கள்.

வரிசை என்று கேட்டால் நிறம், விளிம்பு, நாய்ஸ் என்ற முறையில்தான் போவேன். நிறத்தைத் திருத்த கர்வ்ஸ் போட்டால் விளிம்பில் ஒளிந்திருந்த வெள்ளைக்கோடு வெளியே வரும், நாய்ஸும் கூடும். விளிம்பை மென்மையாக்க பிளர் போட்டால் இருக்கிற நாய்ஸும் அழிந்துவிடும். நாய்ஸை முதலில் பொருத்திவிட்டு மற்றதைத் தொட்டால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

நான் செய்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன். மண்டபத்தில் எடுத்த குடும்பப் படம், ஐஎஸ்ஓ 1600. இடப்பக்கம் எல்இடி லைட், வலப்பக்கம் மஞ்சள் பல்புகள், பின்னால் மெரூன் திரை. மணமகனின் பெரியப்பா வெளிநாட்டில் இருந்தார். அவர் மகன் பால்கனியில் பகல் வெளிச்சத்தில், வெள்ளைச் சுவர் முன்னால் நிற்க வைத்துப் போனில் எடுத்து அனுப்பினார். குரூப்பில் அவர் நிற்க வேண்டிய உயரத்துக்குப் போன் படத்தைச் சரிபாதியாகச் சுருக்க வேண்டியிருந்தது. முன்வரிசையில் அவருக்கு நேர் முன்னால் அத்தை, தலை நிறைய மல்லிகைப் பூ.

நிறத்துக்குக் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். மெரூன் திரைக்கு முன்னால் வைத்ததும் எந்த முகமும் கொஞ்சம் பச்சையாகத் தெரியும். அதே முகம் நீலத் திரைக்கு முன்னால் மஞ்சளாகத் தெரியும். ஐட்ராப்பரை 11 by 11 Average என்று வைத்துக்கொண்டு இன்ஃபோ பேனலில் எண்ணைப் பாருங்கள். ஒற்றைப் பிக்சலை எடுத்தால் நாய்ஸால் எண் தாவிக்கொண்டே இருக்கும். அந்தப் படத்தில் பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் வேட்டி, வெளிச்சம் விழும் இடத்தில் சிவப்பு 232, பச்சை 224, நீலம் 208 என்று காட்டியது. பெரியப்பாவின் வேட்டி 228, 231, 236. இரண்டுமே கண்ணுக்கு வெள்ளைதான். ஆனால் ஒன்றில் சிவப்பு நீலத்தைவிட 24 அதிகம், மற்றதில் 8 குறைவு. கர்வ்ஸில் சேனல் சேனலாகத் திருத்தி, இந்த இடைவெளியைச் சித்தப்பா வேட்டியின் இடைவெளிக்குக் கொண்டுவந்தேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெள்ளை வேட்டியை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. துணிக்குப் பளிச்சென்று வெண்மை தரும் சலவைப்பொருள், பகல் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும். மண்டப எல்இடியில் அந்தக் கதிர் அநேகமாக இல்லை. அதனால் பகலில் எடுத்த வேட்டியின் நீலம் வெளிச்சத்தால் மட்டும் வந்ததல்ல, துணியாலும் வந்தது. அதை முழுக்கச் சமன் செய்தால் முகம் மஞ்சளாகிவிடும். வேட்டியோடு விபூதி, நரைமுடி, கண்ணின் வெண்பகுதி என்று இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் தைரியமாகத் திருத்தலாம். வேட்டி மட்டும் தனியாகப் போனால், அதை மட்டும் தனி மாஸ்க்கில் திருத்துங்கள்.

வெள்ளையைவிட ஆளைக் காட்டிக்கொடுப்பது கறுப்பு. மண்டபத்தில் லைட் லென்ஸுக்குள் அடிப்பதால் படத்தின் கறுப்பு கொஞ்சம் வெளிறி இருக்கும். அந்தப் படத்தில் தலைமுடியின் மிக இருண்ட இடம் எல்லோருக்கும் 20-ஐ ஒட்டி இருந்தது, பெரியப்பாவுக்கு மட்டும் 8. சிறிதாகப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. ஆனால் போனில் வெளிச்சத்தைக் கூட்டி, பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு அவர் மட்டும் தனியாக வெட்டி நிறுத்தின மாதிரி தெரிவார். கர்வ்ஸின் இடது கீழ்ப் புள்ளியைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் போதும்.

எண்கள் சொல்லாத இடங்களைப் பிடிக்க இரண்டு சோதனை லேயர் வைத்திருக்கிறேன். ஒன்று, 50% சாம்பல் நிறம் நிரப்பி Luminosity மோடில் வைத்த லேயர். அது வெளிச்ச வித்தியாசத்தை எடுத்துவிட்டு நிறத்தை மட்டும் காட்டும். கன்னம், கழுத்து, கைவிரல்களில் யார் பச்சை, யார் சிவப்பு என்று அதில் பளிச்சென்று தெரியும். இன்னொன்று, மேலும் கீழுமாக நான்கைந்து முறை வளையும் ஒரு கர்வ்ஸ். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் மாஸ்க்கின் ஓரத்தில் விட்டுப்போன மெல்லிய கறை, பிரஷ் தடம், திரையில் குளோன் செய்த திட்டு எல்லாம் அதில் தனி நிறத்தில் எழுந்து நிற்கும். இரண்டையும் ஒரு குரூப்பில் போட்டு "சோதனை" என்று பெயர் வைத்துவிடுங்கள். அனுப்புவதற்கு முன்னால் அந்தக் குரூப்பை அழிக்க வேண்டும்.

தோல் நிறம் மட்டும் எண்ணால் முடியாது. ஒரே குடும்பத்தில் நிறங்கள் வேறு வேறு. பக்கத்து ஆளின் கன்னத்து எண்ணை இவருக்குப் போட்டால் அது அவர் நிறம், இவருடையது அல்ல. நான் எண்களை வெள்ளை, கறுப்பு, சாம்பலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தோலை அதன் போக்கில் விடுவேன். பிறகு அவரை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டுவேன்.

அடுத்து விளிம்பு. 300%-க்குப் போய், பக்கத்து ஆளின் தோள் திரையைத் தொடும் இடத்தில் எத்தனை பிக்சலில் சட்டை திரையாக மாறுகிறது என்று எண்ணுங்கள். அந்தப் படத்தில் மூன்று பிக்சல். பெரியப்பாவின் தோளில் ஒன்று. போன் கேமரா தானாகவே கூர்மை ஏற்றுகிறது, அதன்மேல் படத்தைப் பாதியாகச் சுருக்கியதால் இன்னும் கூர்மையாகிவிட்டது. இந்த நேரத்தில் பலரும் மாஸ்க்கை ஃபெதர் செய்வார்கள். அது வெளிக்கோட்டை மட்டும்தான் மங்கலாக்கும். மீசை மயிர், சட்டைக் கோடு, கண்ணாடி ஃபிரேம் எல்லாம் அதே கத்திக் கூர்மையோடு இருக்கும். மங்கலான ஓரத்துக்குள் கூர்மையான ஆள் என்பது இன்னும் செயற்கை. ஆள் முழுவதுக்கும் 0.6 அல்லது 0.7 பிக்சல் காஸியன் பிளர் கொடுத்து, பக்கத்து ஆளின் புருவத்தோடு இவர் புருவத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிவிட்டு பிளர் போட்டால் பிறகு அளவை மாற்றிக்கொள்ளலாம்.

கூர்மை சரியானபின் ஓரத்து நிறம். வெள்ளைச் சுவர் முன்னால் எடுத்ததால் பெரியப்பாவின் தலைமுடியைச் சுற்றி மெல்லிய வெளிர்க்கோடு இருந்தது, மெரூன் திரையில் அது நூல் மாதிரி ஓடியது. மாஸ்க்கை ஒரு பிக்சல் உள்ளே தள்ளினால் தோளில் போய்விடும். முடியில் அப்படிச் செய்தால் மொட்டையாக வழித்த மாதிரி ஆகிவிடும். அங்கே ஆள் லேயரின் மேல் ஒரு காலி லேயரை கிளிப் செய்து Darken மோடில் வைத்து, குளோன் ஸ்டாம்ப்பின் Sample-ஐ Current & Below என்றும் ஒபாசிட்டியை 30% என்றும் வைத்து, பக்கத்துக் கறுப்பு முடியை ஓரத்தில் தடவுங்கள். வெளிர்ந்த பிக்சல் மட்டும் கறுக்கும், ஏற்கெனவே கறுப்பாக இருப்பது மாறாது.

அதிகம் பேர் கோட்டை விடும் இடம் இதற்கு நேர் எதிர்ப்பக்கம், அதாவது சேர்த்த ஆளை மறைத்துக்கொண்டு முன்னால் நிற்பவரின் ஓரம். அத்தையின் மல்லிகைப் பூ முன்பு மெரூன் திரைக்கு முன்னால் இருந்தது. இப்போது பெரியப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு முன்னால் இருக்கிறது. 100%-இல் பார்த்தால் இதழுக்கும் இதழுக்கும் நடுவே குட்டிக் குட்டி மெரூன் புள்ளிகள். இதழ்களின் ஓரத்திலும் லேசான சிவப்புச் சாயல். மெரூன் திரையில் இருந்தபோது அது இயல்பு, வெள்ளைச் சட்டையில் பூவில் குங்குமம் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. சேர்த்த ஆளின் ஓரத்தை மட்டும் சரிபார்ப்பவர் இதைக் கவனிக்கவே மாட்டார், ஏனென்றால் பூ அசல் படத்தில் இருந்தது. அத்தையின் மேல் தனி லேயர் வைத்து, Color மோடில் சிறிய பிரஷ்ஷால் இதழ் ஓரத்துக்குப் பூவின் நிறத்தைக் கொடுத்தேன். இடுக்குகளில் மெரூனை எடுத்துவிட்டு, சட்டையின் நிழல் நிறத்தை வைத்தேன். வெள்ளையை வைத்தால் ஓட்டை போட்ட மாதிரி இருக்கும், பூவின் பின்னால் நிழல் விழும் இல்லையா? இந்த ஒரு இடத்துக்கே இருபது நிமிடம் ஆனது.

மாஸ்க்கையும் தனியாக ஒருமுறை பாருங்கள். Alt-ஐ அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் சிறுபடத்தைத் தட்டினால் கறுப்பு வெள்ளையாகத் திறக்கும். ஆளின் உடம்புக்குள் வெள்ளை 255 இருக்க வேண்டும். மென்மையான பிரஷ் ஓடிய இடத்தில் 235, 240 என்று இருக்கும். கண்ணுக்கு வெள்ளைதான், ஆனால் நெஞ்சின் வழியாகத் திரையின் மடிப்பு லேசாகத் தெரியும். ஆளுக்கு வெளியே சிதறிக் கிடக்கும் மிச்சங்களைப் பிடிக்க, லேயர் ஸ்டைலில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு ஸ்ட்ரோக் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மிச்சத்தைச் சுற்றியும் வளையம் விழும். துடைத்துவிட்டு ஸ்ட்ரோக்கை எடுத்துவிடலாம்.

இனி நாய்ஸ். இதைக் கண்ணால் பொருத்துவதைவிட அளந்து பொருத்துவது சுலபம். பக்கத்து ஆளின் சட்டையில் மடிப்பு இல்லாத, ஒரே வெளிச்சமான சிறு சதுரத்தை, சுமார் 50 × 50 பிக்சல், செலக்ட் செய்யுங்கள். ஹிஸ்டோகிராம் பேனலை Expanded View-இல் வைத்தால் Mean, Std Dev என்று எண்கள் வரும். பேனலில் சிறிய எச்சரிக்கை முக்கோணம் இருந்தால் அதைத் தட்டுங்கள், இல்லாவிட்டால் பழைய கணக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். Std Dev என்பது பிக்சல்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது. சமதளமான இடத்தில் அது கிட்டத்தட்ட நாய்ஸின் அளவுதான். அதே வெளிச்சமுள்ள இடத்தைச் சேர்த்த ஆளிடமும் அளக்க வேண்டும். அதனால்தான் Mean-உம் பார்க்கச் சொல்கிறேன், இருட்டையும் வெளிச்சத்தையும் ஒப்பிட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை.

அந்தப் படத்தில் சித்தப்பாவின் சட்டை நிழலில் 5.8, பெரியப்பாவின் சட்டை நிழலில் 1.4. போன் முதலிலேயே நாய்ஸைத் துடைத்துவிட்டது. பாதியாகச் சுருக்கும்போது நான்கு பிக்சல் ஒன்றாகிறது, மிச்சமிருந்ததும் பாதிக்கு அருகில் வந்துவிடும். அதன்மேல் பிளர் வேறு. ஆள் லேயரின் மேல் 50% சாம்பல் லேயரை கிளிப் செய்து Overlay மோடில் வைத்து, Add Noise-இல் Gaussian தேர்ந்தெடுத்துப் போட்டேன். உடனே 100%-இல் பார்த்தால் மணல் தூவின மாதிரி இருக்கும். கேமராவின் நாய்ஸ் அப்படி ஒற்றைப் பிக்சலாக இருக்காது, பக்கத்துப் பிக்சல்களோடு கொஞ்சம் கலந்து சிறு குவியலாக இருக்கும். அந்த நாய்ஸ் லேயருக்கு மட்டும் 0.5 பிக்சல் பிளர் கொடுத்தால் அந்தத் தன்மை வரும். பிளர் கொடுத்ததும் எண் இறங்கும், அதனால் முதலில் அதிகமாகப் போட்டுவிட்டு, பிறகு லேயரின் ஒபாசிட்டியைக் குறைத்து 5.8-க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். 5-க்கும் 6.5-க்கும் நடுவே எங்கே நின்றாலும் கண்ணால் பிரிக்க முடியாது.

Overlay-க்கு ஒரு குறை உண்டு. அடர்ந்த கறுப்பில் அது கிட்டத்தட்ட வேலை செய்யாது. ஆனால் நிஜப் படத்தில் நாய்ஸ் அதிகம் தெரிவது நிழலில்தான். தலைமுடியும் கறுப்புப் பேன்ட்டும் வழவழவென்று இருந்தால், அந்த இடங்களுக்கு மட்டும் இன்னொரு நாய்ஸ் லேயரை Linear Light மோடில், மிகக் குறைந்த ஒபாசிட்டியில் வையுங்கள்.

மொத்த அளவு பொருந்தினாலும் சேனல் வாரியாக ஒருமுறை பாருங்கள். Ctrl+3 சிவப்பு, Ctrl+4 பச்சை, Ctrl+5 நீலம், Ctrl+2 அழுத்தினால் பழைய நிலை. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நீலம் குறைவு, கேமரா அதைத் தூக்கிக் கொடுப்பதால் நீல சேனலில் நாய்ஸ் அதிகமாக இருக்கும். நீங்கள் Monochromatic என்பதை டிக் செய்து நாய்ஸ் போட்டிருந்தால் மூன்று சேனலிலும் ஒரே புள்ளிகள் வரும். நீல சேனலைத் திறந்தால் எல்லோரும் பொரிபொரியாக இருக்க, இவர் மட்டும் மற்றவர்களைவிடச் சுத்தமாக நிற்பார். டிக்கை எடுத்துவிடுங்கள், தேவைப்பட்டால் நீலத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். நீங்கள் நிரப்பிய திரை, பிளர் செய்த தரை இவற்றிலும் நாய்ஸ் காணாமல் போயிருக்கும், அவற்றையும் இதே வழியில் பாருங்கள். Multiply மோடில் பிரஷ்ஷால் போட்ட நிழலுக்கு இது தேவையில்லை, கீழே உள்ள நாய்ஸ் அதன் வழியாகத் தெரியும்.

போன் படம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்திருந்தால் இந்த முறை முழுசாக உதவாது. நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கி, 8 × 8 பிக்சல் கட்டங்களாக ஜேபெக் தடம் பதிந்திருக்கும். அதன்மேல் நாய்ஸ் போட்டால் கட்டம் மறையும், ஆனால் கண் இமையும் மீசையும் திரும்பி வராது. படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி மறுபடி கேட்டு வாங்குவதுதான் வழி. இறந்தவரின் ஒரே படம் என்று இருந்தால் வேறு வழியில்லை. அப்போது அவரைப் பின்வரிசையில் சிறிதாக வையுங்கள், எவ்வளவு தூரம் சரியாக வரும் என்பதையும் முதலிலேயே குடும்பத்தாரிடம் சொல்லிவிடுங்கள்.

எந்த அளவோடு நிறுத்துவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 12 × 36 ஆல்பம் ஷீட் 300 பிபிஐ-யில் 3600 × 10800 பிக்சல். அதில் ஒரு பிக்சல் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு, பிரிண்டில் ஒற்றைப் பிக்சல் குறை தெரியாது. மூன்று பிக்சல் அகல வெள்ளைக்கோடு கறுப்பு முடியில் ஓடினால் தெரியும். ஆனால் உங்கள் கஸ்டமர் பார்ப்பது போனில், அங்கே இரண்டு விரலால் 200%, 300% போகிறார். ஃபைலும் கொடுக்கிறீர்கள் என்றால் அந்தக் கண்ணுக்கும் நிற்க வேண்டும்.

கடைசியாக, சோதனையை பிஎஸ்டி-யோடு முடித்துவிடாதீர்கள். சோதனைக் குரூப்பை அழித்து, ஃப்ளாட்டன் செய்த நகலை எஸ்ஆர்ஜிபி-க்கு மாற்றி, தேவையான அளவுக்குக் கொண்டுவந்து, ஷார்ப்பன் செய்து ஜேபெக் ஆக்குங்கள். பிறகு அந்த ஜேபெக்கையே திறந்து, ஆள் இருக்கும் மூன்று நான்கு திரையை மறுபடி 100%-இல் பாருங்கள். ஷார்ப்பன் செய்யும்போது நாய்ஸ் வித்தியாசமும் ஓரத்து வெளிர்க்கோடும் சேர்ந்தே கூடும். பெரியப்பா படத்தில் கண்ணாடி ஃபிரேமைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் இந்தக் கட்டத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஷார்ப்பன் லேயரில் அந்த இடத்தை மட்டும் மாஸ்க் செய்து, மறுபடி சேவ் செய்து அனுப்பினேன்.